தொலைந்த பில்லும் அதன் நகலும்

கடையில் வாங்கிய பில் தொலைந்தபின் கேட்கப்படும் 'டூப்ளிகேட் பில்' புதிய பில் அல்ல. அன்றைக்கு அந்தப் பொருளுக்கு அந்த எண்ணில் போடப்பட்ட பில்லின் மறுபடி அது. எண், தேதி, தொகை மூன்றும் பழையபடியே இருக்க வேண்டும். தாள் மட்டும்தான் புதிது. கேட்பவரும் கொடுப்பவரும் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாததால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. "பில் தொலஞ்சிடுச்சுண்ணே, ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றால், புதிதாக ஒரு விற்பனையைப் பதிவுசெய்யச் சொல்வதாகவே கேஷியர் எடுத்துக்கொள்வார். அதை அவரால் செய்ய முடியாது. புது எண்ணில் பில் போட்டால் கணக்கில் இன்னொரு ஃப்ரிட்ஜ் விற்றதாகிவிடும், சரக்கிருப்பில் ஒன்று குறையும், நடக்காத விற்பனைக்குக் கடை வரி கட்ட வேண்டிவரும். "பழைய பில்லையே இன்னொரு தடவை பிரிண்ட் எடுத்துக் குடுங்கண்ணே" என்று கேட்டால் அது பில்லைத் தேடி எடுக்கிற வேலை. தேடக் குறிப்பு கையிலிருந்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

'டூப்ளிகேட்' என்ற சொல்லே கொஞ்சம் குழப்பக்கூடியது. ஜிஎஸ்டி விதிகளின்படி சரக்கு விற்பவர் ஒரே பில்லை மூன்று படிகளாகத் தயாரிக்க வேண்டும். முதல் படி வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கை ஏற்றிச் செல்பவருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. விதியின் மொழியில் 'டூப்ளிகேட்' எனப்படுவது லாரிக்காரரின் படி. அதனால் கடை மென்பொருளில் நகல் எடுக்கும்போது தாளின் தலையில் 'டூப்ளிகேட் ஃபார் டிரான்ஸ்போர்ட்டர்' என்று அச்சாகி, அதைப் பார்த்த அலுவலகக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்புவதுண்டு. வாங்குபவருக்கான படியையே மறுஅச்சு எடுத்து, அதன் மேல் 'நகல்' என்று முத்திரையிட்டுத் தரச் சொல்வது இந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

பல வீடுகளில் பில் உண்மையில் தொலைவதில்லை, வெளுத்துப்போகிறது. கடைகளில் சிறு இயந்திரம் சரசரவென்று தள்ளும் வழவழப்பான சீட்டில் மை கிடையாது. அந்தத் தாளில் நிறமற்ற சாயமும் அதை நிறமாக்கும் ஒரு வேதிப்பொருளும் பூசப்பட்டிருக்கும். அச்சு முனையின் சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுக்கின்றன. எண்ணெய், பிளாஸ்டிக் உறையிலிருந்து கசியும் மென்மையாக்கிகள் ஆகியவை பட்டால் அந்தக் கறுப்பு மறுபடி நிறமிழக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்த பில் இரண்டு மூன்று வருடத்தில் வெற்றுத்தாளாகி நிற்பதற்குக் காரணம் அந்தக் கவராகவே இருக்கக்கூடும். லேமினேட் செய்யப் போனால் இயந்திரத்தின் சூட்டில் சீட்டு முழுதும் கறுத்துவிடும். வெளுத்த சீட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் பில் எண்ணின் சில இலக்கங்களாவது தெரியலாம். நகல் தேடுகிற கடைக்காரருக்கு அந்தச் சில இலக்கமே பெரிய உதவி.

தேடுவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துக்கொள்வது நல்லது: நகல் உண்மையிலேயே வேண்டுமா? வாரண்டிக்குப் பில் கேட்பதன் முதல் நோக்கம் வாங்கிய தேதியை உறுதிசெய்வது. தேதி வேறு வழியில் கம்பெனியின் பதிவில் இருந்தால் பில் இல்லாமலே வேலை நடக்கலாம். ஏசி, வாஷிங் மெஷின் போன்றவற்றைப் பொருத்த வந்த கம்பெனி ஆள் அன்றே சீரியல் நம்பரையும் தேதியையும் பதிந்திருப்பார். வாங்கியபோதே கம்பெனி ஆப்பிலோ இணையத்திலோ பொருளைப் பதிவு செய்திருந்தாலும் அப்படியே. சில கம்பெனிகளின் வாரண்டி அட்டையிலேயே, பில் இல்லையென்றால் பொருள் தயாரான தேதியிலிருந்து வாரண்டி கணக்கிடப்படும் என்று அச்சிட்டிருக்கும். ஒரு வருட வாரண்டியில் அது பெரிய நஷ்டம், பொருள் கிடங்கிலும் ஷோரூமிலும் நின்ற மாதங்களெல்லாம் கழிந்துவிடும். பத்து வருட கம்ப்ரஸர் வாரண்டியில் ஐந்தாறு மாதம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே முதல் போன் கடைக்கு அல்ல, கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு. சீரியல் நம்பரைச் சொல்லி, வாங்கிய தேதி அவர்களிடம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சர்வீஸ் சென்டர் பில் வேண்டும் என்றே சொல்லிவிட்டால் கடைக்குப் போகத்தான் வேண்டும். கேட்கிற வாடிக்கையாளருக்குத் தன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் நினைவில் இருக்கும். கடைக்காரருக்கோ அது வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பில்களில் ஒன்று. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறைவான விற்பனையில், ஜிஎஸ்டி பதிவில்லாத வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் பில்லில் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் கேட்டால் போட வேண்டும், அவ்வளவுதான். அதனால் 'கேஷ்' என்று மட்டும் போட்டு முடித்த பில்கள் ஏராளம். பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். பில் எண்ணும் ஒரு வருடத்துக்குள் மட்டுமே தனித்தது, பெரும்பாலான கடைகளில் ஏப்ரல் முதல் தேதி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிதியாண்டு தெரியாமல் எண்ணை மட்டும் சொன்னால் நான்கைந்து வருடத்தின் பில்கள் வந்து நிற்கும்.

தேட உதவும் குறிப்புகளில் முதலிடம் பொருளின் சீரியல் நம்பருக்கு. ஃப்ரிட்ஜில் அது உள்பக்கச் சுவரிலோ முதுகிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்; வாஷிங் மெஷினில் கதவைத் திறந்தால் தெரிகிற விளிம்பிலோ பின்பக்கத்திலோ. செல்போனில் `*#06#` என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் திரையில் வரும். பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடைகள் விற்கும்போதே சீரியல் நம்பரைப் பில்லில் ஏற்றிவிடுகின்றன. அதை வைத்துத் தேடினால் வேறு யாருடைய பில்லும் வர வழியில்லை. அடுத்தது கடையில் கொடுத்த செல்போன் எண். இதில் ஒரு வேடிக்கை அடிக்கடி நடக்கும்: பில் போடும்போது எண் சொன்னது வீட்டுக்காரர் அல்ல, கூட வந்த மச்சானாக இருக்கும். மூன்றாவது, பணம் கட்டிய தடயம். கார்டு என்றால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் தேதியும் தொகையும், யுபிஐ என்றால் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணும் கிடைக்கும். ஸ்டேட்மென்ட்டில் கடையின் பெயர்ப்பலகைப் பெயர் இருக்காமல், உரிமையாளர் பதிவு செய்த நிறுவனப் பெயர் இருக்கலாம். பெயர் தெரியாதது என்று அந்த வரியைத் தாண்டிவிடாமல் தொகையை வைத்துத் தேட வேண்டும்.

தவணையில் வாங்கியவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. நிதி நிறுவனம் கடைக்குப் பணம் கொடுத்தது அந்தப் பில்லை வாங்கி வைத்துக்கொண்டுதான். கடன் கணக்கு எண்ணைச் சொல்லி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் அவர்கள் கோப்பில் உள்ள படி கிடைக்க வாய்ப்புண்டு. கடையே மூடிப்போன நிலையிலும் இது கைகொடுக்கும். எக்ஸ்டெண்டெட் வாரண்டி வாங்கியிருந்தால் அந்தச் சான்றிதழிலும் பில் விவரம் இருக்கும்.

அரசாங்கத்தின் ஜிஎஸ்டி தளத்தில் எல்லா பில்லும் இருக்குமே, அங்கிருந்து எடுக்க முடியாதா என்ற எண்ணம் பலருக்கு உண்டு. முடியாது. பதிவில்லாத சாதாரண வாடிக்கையாளர்களுக்கு உள்ளூரில் விற்றதைக் கடைகள் தனித்தனி பில்லாக அரசுக்குத் தெரிவிப்பதில்லை. வரி விகிதவாரியாகக் கூட்டி மொத்தத் தொகையாகக் காட்டிவிடுகின்றன. ஜிஎஸ்டி எண் கொடுத்து வாங்கிய வியாபாரிக்கு மட்டும்தான் பில் எண்ணும் தேதியும் அவரது கணக்கில் தெரியும்.

ஒரு வீட்டின் கதையை எடுத்துக்கொண்டால் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்பது விளங்கும். 2021 தீபாவளி நவம்பர் 4. அதற்கு இரண்டு நாள் முன்பு, மாவட்டத் தலைநகர் ஒன்றின் ஷோரூமில் ஒரு குடும்பம் 28,500 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கியது. பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி அதற்குள் அடக்கம். பொருளின் விலை 24,152.54 ரூபாய், வரி 4,347.46 ரூபாய். முழு ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வருட வாரண்டி, கம்ப்ரஸருக்குப் பத்து வருடம். 2025 கோடையில் ஃப்ரிட்ஜ் குளிர்வதை நிறுத்தியது. வந்து பார்த்த மெக்கானிக் கம்ப்ரஸர் போய்விட்டதாகச் சொல்லி, பில் காட்டினால் கம்ப்ரஸர் இலவசம், கேஸ் நிரப்பவும் வேலைக்கும் மட்டும் பணம் என்றார். பில் இருந்த கவரைத் திறந்தால் உள்ளே வெள்ளைத்தாள்.

கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் பேசியதில் அவர்களிடம் வாங்கிய தேதி இல்லை. ஃப்ரிட்ஜை யாரும் வந்து பொருத்துவதில்லை, செருகினால் ஓடும், ஆகவே பதிவும் இல்லை. கடைக்குப் போனார்கள். செல்போன் எண்ணைப் போட்டதில் ஒன்றும் வரவில்லை. தேதியைப் போட்டதில் அன்றைக்கு மட்டும் முந்நூற்றுச் சொச்சம் பில், தீபாவளிக் கூட்டம். "இவ்வளவையும் ஒண்ணொண்ணா தெறந்து பாக்க முடியாதும்மா, நாளைக்கு வாங்க" என்றார் கணக்கு பார்ப்பவர். இந்த 'நாளைக்கு' பல இடங்களில் 'போய்விடுங்கள்' என்பதன் மரியாதையான வடிவம். குடும்பம் வீட்டுக்குத் திரும்பி, ஃப்ரிட்ஜின் உள்சுவரில் இருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் நவம்பர் 2 அன்று 28,500 ரூபாய் போன வரியை அச்செடுத்தது. மறுநாள் அந்த இரண்டு தாளோடு ஒரு கடிதமும் எடுத்துச் சென்றது. கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, தங்கள் கடையில் 02.11.2021 அன்று ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கினோம். மாடல் எண், சீரியல் எண் கீழே உள்ளன. தொகை ரூ.28,500, வங்கி டெபிட் கார்டு மூலம் செலுத்தப்பட்டது. அசல் பில்லின் எழுத்துகள் அழிந்துவிட்டன. கம்ப்ரஸர் வாரண்டிக்காக அதே பில்லின் நகலை, பழைய பில் எண்ணும் தேதியும் மாறாமல், கடை முத்திரையும் கையொப்பமும் இட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். வங்கிக் கணக்கு விவரத்தின் நகலும் சீரியல் எண்ணின் புகைப்படமும் இணைக்கப்பட்டுள்ளன."

கடிதத்தின் பயன் மரியாதைக்கு மட்டுமல்ல. நகல் கொடுக்கத் தயங்கும் கடைக்காரருக்கு, யார் எதற்காகக் கேட்டார் என்பதற்கு ஒரு தாள் கைக்கு வருகிறது. நாளை யாராவது அதே பில்லை இரண்டு இடத்தில் காட்டினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சீரியல் நம்பரைத் தட்டியதும் பில் வந்தது. செல்போன் எண்ணில் கிடைக்காத காரணமும் தெரிந்தது, கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிப் பதிவாகியிருந்தது.

நகல் கைக்கு வந்ததும் கடையிலேயே நின்று சரிபார்ப்பது நல்லது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் அச்சில் எண், தேதி, தொகை எல்லாம் சரி. கடையின் முகவரி மட்டும் புதிது. 2023-இல் கடை வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. மென்பொருள் பழைய பில்லை எடுத்தாலும் தலைப்பை இன்றைய அமைப்பிலிருந்து அச்சிடும். இதனால் தோற்றத்தில் முரண்பாடு வருகிறது, 2021 பில்லில் 2023 முகவரி. முகவரி மாற்றம் பெரிய குற்றமில்லை, நகலின் கீழே ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். ஆனால் தனிநபர் கடை பங்குதாரர் நிறுவனமாக மாறியிருந்தால் ஜிஎஸ்டி எண்ணே மாறியிருக்கும். பழைய பில்லில் புதிய ஜிஎஸ்டி எண் அச்சாவது தவறு, அந்தத் தேதியில் அந்த எண்ணே இருந்திருக்காது. பதினைந்து எழுத்து கொண்ட அந்த எண் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தட்டிப் பார்க்கலாம், பதிவான தேதியும் அங்கே தெரியும். காப்பீட்டு நிறுவனங்கள் அப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு.

தாளின் அடியில் 'அச்சிட்ட நாள்' என்று இன்றைய தேதி இருப்பது தவறல்ல, அது நகல் என்பதற்கு அடையாளம். பில் தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தால்தான் வில்லங்கம். சில சமயம் கடைக்காரரே நல்லெண்ணத்தில், "பழசைத் தேடுவானேன், போன மாசத் தேதியில ஒண்ணு போட்டுத் தர்றேன், வாரண்டியும் புதுசாயிடும்" என்பார். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் எந்த சீரியல் நம்பர் எந்த மாதம் தயாராகி, எந்தக் கடைக்கு எப்போது போனது என்பது கம்பெனியின் பதிவில் உண்டு. நான்கு வருடம் முன்பு கடைக்கு அனுப்பிய ஃப்ரிட்ஜ் போன மாதம் விற்றதாகப் பில் வந்தால் சர்வீஸ் சென்டருக்குச் சந்தேகம் வர வேறொன்றும் தேவையில்லை. நியாயமாகக் கிடைக்க வேண்டிய கம்ப்ரஸர் வாரண்டியும் அதோடு போகும். பொய்ப் பில் கொடுத்ததற்குக் கடையும், காட்டியதற்கு வாடிக்கையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைக்காரர் எவ்வளவு தேடியும் பில் கிடைக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொடக்கத்திலேயே பில் போடப்படாமல் இருந்திருக்கலாம். "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனியா வரும்" என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு சீட்டைக் கொடுக்கும் வழக்கம் ஹார்டுவேர், மின்சாதன, மரச்சாமான் கடைகளில் உண்டு. அச்சிட்ட தாள், பொருள் விவரம், மொத்தத் தொகை எல்லாம் இருக்கும். கடையின் ஜிஎஸ்டி எண் மட்டும் இருக்காது. அது விலை மதிப்பீடு, விற்பனைக்கான சான்று இல்லை. விற்பனையே கணக்கில் ஏறாதபோது நகல் எடுக்க மூலம் கிடையாது. பதிவு பெற்ற கடை பில் இல்லாமல் விற்றால் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இரண்டில் எது அதிகமோ அது அபராதம் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். அதனால் அந்த விற்பனையைப் பின்னாளில் ஒப்புக்கொண்டு எழுத்தில் தரக் கடைக்காரர் முன்வரமாட்டார். அன்று மிச்சமான பணத்தின் விலை இப்படித்தான் பின்னால் வந்து சேருகிறது. ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே உள்ள சிறு கடைகளின் நிலை வேறு. அவர்கள் கையால் எழுதும் பில் புக்கில் கார்பன் வைத்த அடிப்படி இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து, முத்திரை குத்திக் கையெழுத்திட்டுத் தந்தால் அதுவும் முறையான நகல்தான்.

பணத்தைத் திரும்பப் பெறக் கேட்கும் நகலில் கெடுபிடி அதிகம். வாரண்டிக்கு வேண்டியது தேதி. அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேண்டியது, இதே பில்லுக்கு வேறெங்கும் பணம் வாங்கவில்லை என்ற உறுதி. அசல் பில்லைக் கேட்பதன் நோக்கமே அதுதான், ஓர் அசல் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நகலோடு கோரும்போது அந்த உறுதி போய்விடுவதால், அசல் தொலைந்ததையும் வேறெங்கும் கோரவில்லை என்பதையும் எழுதித் தரச் சொல்கிறார்கள். பெரிய தொகை என்றால் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் கேட்பதும் உண்டு. ஆஸ்பத்திரி பில்லின் நகலில் 'டூப்ளிகேட்' என்று வெளிப்படையாகப் போட்டு, பில்லிங் பிரிவின் முத்திரையும் கையொப்பமும் வாங்க வேண்டும். அந்தச் சொல்லை மறைத்து அசல் போலக் காட்ட முயல்வதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஒருவருக்கு இரண்டு மருத்துவக் காப்பீடு இருந்து, அசல் பில்கள் முதல் நிறுவனத்திடம் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் நகல் கேட்க வேண்டியதில்லை. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு கொடுக்கவில்லை என்ற தீர்வுக் கடிதத்தையும், பில்களின் சான்றிட்ட நகல்களையும் முதல் நிறுவனத்திடம் வாங்கி, மீதித் தொகைக்கு இரண்டாவது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

மருந்துக் கடை பில் தனி ரகம். மருந்துச் சட்டத்தின் விதிகள்படி மருந்துக் கடைகள் தம் பதிவேடுகளைக் கடைசிப் பதிவிலிருந்து குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். பில்லில் மருந்தின் பேட்ச் எண் இருப்பதால் அதைப் பின்னால் மனம்போனபடி உருவாக்குவது கடினம். கேட்கப் போகும்போது டாக்டரின் மருந்துச் சீட்டையும் கொண்டுபோனால் தேதியை வைத்துத் தேடிவிடலாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு பெயரில் வருகிறது. அவசரத்தில் மருந்து வாங்கப் போனவர் தன் பெயரைச் சொல்லியிருப்பார், நோயாளி அவருடைய அம்மாவாக இருப்பார். நகல் எடுக்கும்போது பெயரை மாற்றித் தரச் சொன்னால் அது நகலாக இருக்காது, திருத்திய பில்லாகிவிடும். பெயர் உள்ளபடியே நகல் வாங்கி, மருந்து யாருக்காக வாங்கப்பட்டது என்று மருந்துச் சீட்டோடு சேர்த்து விளக்கம் எழுதுவதே ஒழுங்கான வழி. அலுவலகச் செலவிலும் இதே கதை. சொந்தப் பெயரில் வாங்கிய பிரிண்டர் பில் தொலைந்துவிட, "நகலை கம்பெனி பேர்ல, ஜிஎஸ்டி நம்பரோட குடுங்க" என்பார்கள். தனியாருக்கு விற்றதாக ஏற்கெனவே கணக்குக் காட்டிய விற்பனை அது. அதை நிறுவனத்துக்கு விற்றதாக மாற்றுவது ரிட்டர்னில் திருத்தம் செய்யும் வேலை, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குப் பின் அதுவும் முடியாது.

எவ்வளவு காலம் வரை கடையில் நகல் கேட்கலாம் என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை, ஒரு நிதியாண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன ஃப்ரிட்ஜ் 2021-22 நிதியாண்டில் வாங்கியது. அதன் ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2022 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் என்றால் 2028 டிசம்பர் 31 வரை பில் கடையில் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் வாரண்டியோ 2031 நவம்பர் வரை. கடைசி மூன்று வருடம் வாரண்டி இருக்கும், நகலுக்கு உத்தரவாதம் இருக்காது. பழைய மென்பொருளை மாற்றிய கடையில் அதற்கு முன்பே பில்கள் கைக்கு எட்டாமல் போகலாம். சட்டப்படி அவை எங்காவது ஒரு பேக்கப்பில் இருக்க வேண்டும், ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டால் கிடைப்பதும் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்காது. கம்ப்ரஸர் மாற்றிய அன்று சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் வாங்கிய தேதியைக் குறிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டால், இதற்குமேல் கடையை நம்பி இருக்க வேண்டியதில்லை. கம்பெனியின் பதிவிலேயே தேதி ஏறிவிடும்.

கேட்டும் கடை கொடுக்கவில்லை என்றால் சட்டத்தில் எவ்வளவு இடமிருக்கிறது என்பதையும் அளவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது. அது முதல் பில்லைப் பற்றிய பேச்சு, தொலைந்த பில்லுக்கு இரண்டாவது படி தர வேண்டும் என்று அங்கே வரி கிடையாது. கடை சிறு கட்டணம் கேட்பதையும் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் பில் இருந்தும் காரணமில்லாமல் மறுத்து, அதனால் வாரண்டி கிடைக்காமல் போனால் அதைச் சேவைக் குறைபாடு என்று வாதாட இடமுண்டு. முதலில் மேலே கண்ட கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். வழக்குக்குப் போகாமலே கடையோடு பேசித் தீர்க்க முயலும் ஏற்பாடு அது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளை வாங்கியதற்கு அங்கே காட்ட வேண்டியதும் அதே வங்கி வரி, சீரியல் நம்பரின் படம், கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவைதான்.